இடுப்புப் பட்டி: தைக்கக் கொடுப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

மட்டக்களப்பில் வீட்டோடு தையல் கடை வைத்திருக்கிறேன். பாவாடை, ஸ்கர்ட், ட்ரவுசர் என்று எது வந்தாலும் திருத்தத்துக்குத் திரும்பி வருவது பெரும்பாலும் இடுப்புப் பட்டிக்காகத்தான். அதனால் ஆட்கள் வழக்கமாகக் கேட்பவற்றை இங்கே எழுதிவைக்கிறேன். அளவுகள் எல்லாம் இன்ச்சில்.

ஸ்கர்ட் இடுப்பில் சரியாக இருக்கிறது, ஆனால் பின்பக்கம் மட்டும் பட்டி எழும்பி நிற்கிறது. இடுப்பைக் கொஞ்சம் பிடித்தால் போதுமா?

போதாது. பிடித்தால் பட்டியின் மேல் ஓரம் ஒட்டும், கீழ் ஓரம் சதையை வெட்டும். பிறகு நடக்க நடக்க ஸ்கர்ட் மேலே ஏறும்.

அளவு நாடாவை எடுத்து மூன்று இடத்தில் சுற்றிப் பாருங்கள். முதலில் இடுப்பு ஒடுங்கிய இடம், அடுத்து அதற்கு 2 இன்ச் கீழே, கடைசியாகப் பின்பக்கம் நன்றாகப் புடைத்த இடம். போன மாதம் ஆரையம்பதியில் இருந்து வந்த ஒரு தங்கச்சிக்கு முறையே 30, 33, 40 வந்தது. அவர் போட்டிருந்த ஸ்கர்ட்டின் பட்டி 2 இன்ச் அகலம், நேராக வெட்டியது. நேர்ப்பட்டிக்கு மேலும் கீழும் ஒரே நீளம். ஆனால் அவருடைய உடம்பு அந்த 2 இன்ச்சுக்குள்ளேயே 30இலிருந்து 33க்குப் போய்விடுகிறது. பட்டி கீழே பொருந்தினால் மேலே 3 இன்ச் மிச்சம். வயிற்றுப் பக்கம் துணி ஓரளவு ஒட்டி நிற்கும், முதுகுக் குழியில் ஒட்ட வழியில்லை. அதனால் மிச்சம் முழுக்கப் பின்னால் போய்ச் சேருகிறது.

இதற்கு இரண்டு வழிதான். ஒன்று, நேர்ப்பட்டியை 1 இன்ச்சுக்கு மேல் போகாமல் ஒடுக்கமாக வைத்து, சரியாக இடுப்பு ஒடுங்கும் இடத்தில் நிறுத்துவது. அவ்வளவு ஒடுக்கமான இடத்தில் உடம்பின் அளவு பெரிதாக மாறாது. அகலப் பட்டிதான் வேண்டும் என்றால் இரண்டாவது வழி, வளைவுப் பட்டி. சிலர் கொன்டூர் பட்டி என்பார்கள். மேல் ஓரம் குறைவாகவும் கீழ் ஓரம் கூடவும் இருக்கும்படி தலைகீழ் வானவில் போல வளைத்து வெட்டுவது அது.

வளைவுப் பட்டியை எப்படி வெட்டுவது? கணக்கோடு சொல்லுங்கள்.

அதே தங்கச்சியின் அளவையே எடுப்போம். மூச்சு விடவும் சாப்பிட்டு உட்காரவும் 1 இன்ச் தாராளம் விடுகிறேன். அப்போது மேல் ஓரம் 31, கீழ் ஓரம் 34. சிப் பின்நடுவில் வருகிறது என்று வைத்துக்கொண்டால் முன்நடுவில் இருந்து பின்நடு வரை பாதிப் பட்டி வரைந்தால் காணும். பாதிக்கு மேல் 15½, கீழ் 17.

ஒரு கடதாசியில் 17 நீளம், 2 அகலத்தில் நேராக ஒரு துண்டு வெட்டுங்கள். அதன் மேல் ஓரத்தை 1½ குறைக்க வேண்டும். மேலிருந்து கீழ் ஓரம் வரை, ஆனால் கீழ் ஓரம் அறுந்துபோகாமல், ஆறு இடத்தில் கத்தரியால் வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டிலும் மேல் ஓரத்தை கால் இன்ச் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி ஒட்டுங்கள். ஆறு கால், ஒன்றரை. துண்டு தானாகவே வளைந்துவிடும்.

வெட்டுகள் எங்கே வருகின்றன என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஆறையும் சம இடைவெளியில் போட்டால் வயிற்றுப் பக்கம் தேவையில்லாமல் வளையும், பின்பக்கம் வளைவு போதாது. நான் முன்நடுவில் இருந்து முதல் 3 இன்ச்சைத் தொடமாட்டேன். பக்கத் தையலை நெருங்கும் இடத்தில் இரண்டு வெட்டு, பின்பாதியில் நான்கு. வயிறு முன்னுக்குத் தள்ளி, பின்பக்கம் தட்டையாக உள்ளவர்களுக்கு முன்னுக்கு மூன்று, பின்னுக்கு மூன்று என்று மாற்றுவேன்.

ஒட்டிய பிறகு ஓரங்கள் முறிந்து முறிந்து தெரியும். அதை அழகான ஒரே வளைவாகத் திருத்தி வரைந்து, முன்நடுவைத் தவிர மற்ற ஓரங்களில் அரை இன்ச் தையலுக்கு விட்டு, பொத்தான் வரும் நுனியில் 1¼ கூட்டி வெட்டுங்கள். வெளிப்பட்டி ஒன்று, உள்பட்டி ஒன்று. இரண்டுக்கும் முன்நடுவைத் துணியின் மடிப்பில் வைக்க வேண்டும்.

ஸ்கர்ட்டின் மேல் ஓரமும் இப்போது 30க்கு இல்லை, 34க்கு வர வேண்டும். முதல் 2 இன்ச் உடம்பைப் பட்டி எடுத்துக்கொண்டதால் இடுப்பை ஒடுக்கப் பிடிக்கும் கூர் மடிப்பான டார்ட்டும் அவ்வளவு கட்டையாகும். இதை மறந்து பழைய டார்ட்டையே போட்டால் அதன் நுனி பின்பக்கப் புடைப்பையும் தாண்டிக் கீழே இறங்கி, கூம்பு மாதிரித் துருத்தும்.

வளைவுப் பட்டி தைத்து முதல் நாள் கனகச்சிதம். இரண்டு கிழமையில் தொளதொளத்துவிட்டது. துணியின் பிழையா?

துணி மேல் பழி போடாதீர்கள். நேர்ப்பட்டியில் ஓரம் முழுக்க நெடுக்கு நூல் ஓடும், அது இழுபடாது. வளைத்து வெட்டும்போது பக்கங்களில் நூல் சாய்ந்து கிராஸ் ஆகிவிடுகிறது. கிராஸ் துணி ரப்பர் மாதிரி, உடம்புச் சூடும் வியர்வையும் பட்டால் இன்னும் நீளும்.

நானும் இதில் அடிபட்டிருக்கிறேன். தொழில் தொடங்கிய காலத்தில் சொந்தத் தங்கச்சிக்கே ஒரு கலியாணத்துக்காக மெல்லிய லினனில் தைத்தேன். பந்தி முடியும் முன்னே ஸ்கர்ட் வழுக்கி, அவள் ஒரு கையால் இடுப்பைப் பிடித்தபடிதான் படம் எடுத்தாள். இன்றும் அந்தப் படத்தைக் காட்டிச் சிரிப்பார்கள்.

அன்று விட்ட பிழைகள் இரண்டு. பட்டியை விறைப்பாக்கும் கன்வஸை உள்பட்டிக்கு மட்டும் ஒட்டினேன், வெளிப்பட்டியை அப்படியே விட்டேன். மேல் ஓரத்தில் இழுபடாத நாடா எதுவும் வைக்கவில்லை. இப்போது வெளிப்பட்டிக்கும் ஒட்டுக் கன்வஸ் போடுகிறேன். இரண்டு பட்டிகளையும் மேல் ஓரத்தில் சேர்த்துத் தைக்கும்போது கால் இன்ச் அகல நாடா ஒன்றையும் தையலுக்குள் பிடிக்கிறேன். கடையில் வாங்கத் தேவையில்லை, மெல்லிய பருத்தித் துணியின் கரையை நீளமாகக் கிழித்தால் அதுவே நாடா. அதை அளவுக்கு, அதாவது சரியாக 31க்கு வெட்டி, பட்டியை அந்த நாடாவுக்குப் பொருத்த வேண்டும். பட்டிக்கு நாடாவைப் பொருத்தக்கூடாது. பட்டி ஏற்கெனவே இழுபட்டிருந்தால் நாடாவும் அந்தப் பிழையான அளவிலேயே உட்கார்ந்துவிடும்.

தைத்து முடிந்ததும் மேல் ஓரத்தை அளந்து பாருங்கள். 31 என்றால் 31 வர வேண்டும். 32 காட்டினால் அப்போதே பிரியுங்கள். உடுத்த உடுத்த அது கூடுமே தவிரக் குறையாது.

இலாஸ்டிக் போட்டால் சுகம்தான். ஆனால் வயிறு பெரிதாகத் தெரிகிறதே?

சிப் இல்லாத இலாஸ்டிக் ஸ்கர்ட் இடுப்பு வழியாக ஏற வேண்டும் என்றால் துணியின் வாய் பின்பக்கத்தைத் தாண்ட வேண்டும். 40 இன்ச் உள்ளவருக்கு வாய் குறைந்தது 42. அது 30 இன்ச் இடுப்பில் வந்து சுருங்கும்போது 12 இன்ச் துணி மிச்சமாகச் சுருக்கில் நிற்கிறது. வயிற்றில் நிற்பது உங்கள் சதை இல்லை, அந்த 12 இன்ச்.

இடுப்புக்கும் பின்பக்கத்துக்கும் வித்தியாசம் 5, 6 இன்ச்சுக்குள் உள்ளவர்களுக்கு முழு இலாஸ்டிக் வடிவாகவே இருக்கும். வித்தியாசம் கூடக் கூடச் சுருக்கும் கூடும். அப்போது துணியை மாற்ற வேண்டும். மெல்லிய ரேயான், வொயில் போன்றவை சுருங்கினாலும் கீழே விழுந்துவிடும். தடித்த கைத்தறி, டெனிம் எல்லாம் இடுப்பைச் சுற்றித் தலையணை கட்டினது மாதிரி நிற்கும்.

அப்படியென்றால் முன்பக்கம் தட்டையாக, பின்பக்கம் மட்டும் இலாஸ்டிக் வைத்துவிடலாமே?

நல்ல யோசனை, ஆனால் எல்லோருக்கும் சரிவராது. முன்பக்கம் இழுபடாததால், ஏற்றும்போது விரிய வேண்டியது முழுக்கப் பின்பக்கத்தின் தலையில் விழும். நம் தங்கச்சிக்கு முன்பட்டியை 15½இல் தட்டையாக வைத்தால், 40ஐத் தாண்டப் பின்பக்கம் மட்டும் 24½க்கு விரிய வேண்டும். சாதாரண நிலையில் அங்கே இருக்க வேண்டியது ஏறக்குறைய 14½. பத்து இன்ச் சுருக்கும் முதுகில் குவியும். முன்னால் பார்க்க அழகு, பின்னால் திரும்பினால் மூட்டை.

அவருக்கு நான் என்ன செய்தேன் என்றால், பக்கத்தில் சிப் வைத்துவிட்டு, பின்பட்டியில் மட்டும் 3 இன்ச் சுருக்கு வரும்படி இலாஸ்டிக் போட்டேன். ஏறுவதற்குச் சிப் இருக்கிறது, அந்த 3 இன்ச் சாப்பாட்டுக்குப் பிறகுதான். காத்தான்குடியில் இருந்து வரும் ராத்தா ஒருவர் நோன்பு திறக்கும் மாதத்தில் இந்த முறையைத் தவிர வேறு எதையும் தைக்கவிடமாட்டார்.

இலாஸ்டிக் உள்ளே சுருண்டு கயிறு மாதிரி ஆகிவிடுகிறது. ஏன்?

மடிப்பு அகலமாக இருக்கிறது, அல்லது பின்னல் இலாஸ்டிக் வாங்கியிருக்கிறீர்கள். பின்னல் வகையை இழுத்தால் அகலம் ஒடுங்கும், அப்போது புரள இடம் கிடைக்கிறது. கடையிலேயே இழுத்துப் பாருங்கள், அகலம் குறையாமல் நீண்டால் அதை வாங்குங்கள். மடிப்பு இலாஸ்டிக்கைவிட அரைக்கால் இன்ச் மட்டும் அகலமாக இருந்தால் காணும். கோர்த்த பிறகு, இரண்டு பக்கத் தையல்களுக்கு நேரே மேலிருந்து கீழாக ஒரு தையல் போட்டுவிடுங்கள்.

இன்னொன்று, துவைத்துக் கடும் வெயிலில் போடாதீர்கள். எங்கள் பக்கத்துச் சித்திரை வெயில் ரப்பரைச் சீக்கிரமே கொன்றுவிடும்.

நாடா வைத்த ட்ரவுசர் வேண்டும், ஆனால் பைஜாமா மாதிரித் தெரியக்கூடாது. என் மகள் வந்தாறுமூலையில் கம்பஸ் போகிறாள்.

பைஜாமா மாதிரித் தெரிவது நாடாவால் இல்லை, சுருக்கால். நாடா மட்டும் இடுப்பைப் பிடித்தால் சுற்றிவரத் துணி கசங்கிக் குவியும். முன்பக்கம் தட்டைப்பட்டி, பின்பக்கம் இலாஸ்டிக், நடுவில் இரண்டு ஓட்டை வழியாக வெளியே வரும் நாடா என்று தைத்தால் கம்பஸுக்குத் தாராளமாகப் போகலாம். நாடா அலங்காரத்துக்கும் கொஞ்சம் இறுக்கத்துக்கும் மட்டும். நாடாவை முன்பட்டியின் இரண்டு நுனியிலும் தைத்துவிட்டால் உள்ளே ஓடி மறையாது.

உண்மையான நாடாதான் வேண்டும் என்றால் நீளத்தில் கஞ்சத்தனம் கூடாது. வாய் 42 என்றால் நாடா 62, அதாவது கிட்டத்தட்ட 1.6 மீற்றர். முழுக்க விரித்தாலும் இரண்டு நுனியும் பத்துப் பத்து இன்ச் வெளியே நிற்க வேண்டும். பின்நடுவில் ஒரு தையல் போட்டு நிறுத்துங்கள். ஓட்டை போடும் இடத்தின் உள்பக்கம் சிறு கன்வஸ் துண்டு வைக்காவிட்டால் சில மாதத்தில் கிழிந்து வாய் பிளந்துவிடும்.

மெல்லிய கயிற்று நாடாவை நாள்தோறும் ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டுகிறவர்களுக்கு அந்த இடம் கறுத்து, தோல் உரிந்துவிடும். சேலைக்கு உள்பாவாடை கட்டும் அம்மாக்களிடம் இதைப் பார்த்திருப்பீர்கள். அவர்களுக்கு ஒன்றரை இன்ச் பட்டை நாடா போட்டுக்கொடுங்கள். புண் ஆறாமல் நின்றால் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

பேப்பர் பேக் என்கிறார்களே, அது யாருக்குப் பொருந்தும்?

சாமான் போட்ட கடதாசிப் பையின் வாய்க்குச் சற்றுக் கீழே நூல் கட்டினால் மேலே பூ மாதிரி விரியும் அல்லவா, அதுதான். இலாஸ்டிக்கோ பெல்ட்டோ இடுப்பில் பிடிக்க, அதற்கு மேலே ஒன்றரை இன்ச் அளவுக்குத் துணி விரிந்து நிற்கும்.

இடுப்பும் பின்பக்கமும் கிட்டத்தட்ட நேராக உள்ள ஒல்லியான பிள்ளைகளுக்கு இது கொடுத்துவைத்த உடுப்பு. இல்லாத இடுப்பை உண்டாக்கிக் காட்டும். மார்புக்கும் இடுப்புக்கும் இடைவெளி குறைந்தவர்களுக்கு நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அந்த ஒன்றரை இன்ச் விரிப்பு அவர்களிடம் இருக்கும் கொஞ்ச இடத்தையும் தின்றுவிடும். பிடிவாதமாகக் கேட்டால் விரிப்பை முக்கால் இன்ச்சாகக் குறைத்துத் தைப்பேன். மேலே போடும் சட்டையை உள்ளே விட வேண்டும், வெளியே விட்டால் இவ்வளவு பாடுபட்டது யாருக்கும் தெரியாது. வயிற்றில் ஏதோ மறைத்து வைத்த மாதிரி இருக்கும். மேற்சட்டையை நீளமாக வெளியே விடுகிறவர்கள் இதற்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை.

துணி மெல்லியதாகவும் கொஞ்சம் விறைப்பாகவும் இருக்க வேண்டும். பொப்ளின், லினன் நல்லது. ரேயானில் விரிப்பு வாடின கீரை மாதிரித் தொங்கும்.

துணி வாங்கும்போது ஆட்கள் விடும் பிழை நீளத்தில்தான். 1 இன்ச் இலாஸ்டிக்குக்கு மடிப்பு 1⅛, விரிப்பு 1½, இரண்டும் சேர்ந்து 2⅝. துணி மேலே போய் மடிந்து கீழே வருவதால் அது இரண்டு மடங்கு, 5¼. ஓரம் உள்ளே மடிக்க அரை. ஆகவே இலாஸ்டிக்கின் கீழ்த் தையலில் இருந்து மேலே 5¾ துணி வேண்டும். சாதாரண ட்ரவுசருக்கு வாங்கும் அளவில் வாங்கிவந்தால் கணுக்காலுக்கு மேல் நின்றுவிடும்.

மருதமுனைச் சாரத் துணியில் ஸ்கர்ட் தைக்க ஆசை. எந்தப் பட்டி?

கட்டம் போட்ட துணி என்றால் வளைவுப் பட்டிக்கு அதே துணியை எடுக்காதீர்கள். முன்நடுவில் கட்டம் நேராக நிற்கும், பக்கத்துக்குப் போகப் போகச் சரிந்து, பின்னால் வரும்போது கோணலாகிவிடும். நெய்தவரின் உழைப்பைக் கெடுத்த மாதிரி இருக்கும். கட்டத்தில் உள்ள நிறம் ஒன்றை எடுத்து வெறும் துணியில் பட்டி வெட்டுங்கள், கடைத் துணி மாதிரி இருக்கும். அதே துணியில்தான் வேண்டும் என்றால் 1 இன்ச் நேர்ப்பட்டி.

வெட்டுவதற்கு முன் ஒரு தரம் நனைத்துக் காயவிடுங்கள். பட்டி வைத்த பிறகு துணி சுருங்கினால் திருத்த இடமில்லை.

ட்ரவுசரில் நிற்கும்போது சரி, மோட்டார் சைக்கிளில் ஏறினால் பின்பட்டி இறங்குகிறது. இதற்கும் வளைவுப் பட்டிதானா?

இல்லை. நிற்கும்போதே இடைவெளி தெரிந்தால்தான் பட்டியின் பிழை. உட்கார்ந்தால் மட்டும் இறங்குவது பின்னுக்குத் துணி காணாததால். உட்காரும்போது முதுகில் இருந்து தொடை இடுக்கு வரையான தூரம் நீளும். அந்த நீளம் ட்ரவுசரில் இல்லாவிட்டால் பட்டிதான் இழுபட்டு இறங்க வேண்டும். அதில் என்ன பட்டி வைத்தாலும் இறங்கும்.

புதிதாகத் தைப்பது என்றால் பின்நடுவில் மேல் ஓரத்தை ஒரு இன்ச் உயர்த்தி, பக்கத் தையலுக்கு வரும்போது பழைய இடத்தில் சேரும்படி வெட்டுகிறேன். தைத்து முடிந்ததில் செய்ய இடமிருக்காது, மேலே கூட்டித் தைக்கத் துணி ஏது?

கடையில் வாங்கிய ஜீன்ஸில் பின்னால் கை நுழைகிற அளவு இடைவெளி. திருத்தலாமா?

ஒன்றரை இன்ச் வரை திருத்தலாம். பின்நடுவில் உள்ள பெல்ட் வளையத்தைக் கழற்றி, அந்த இடத்தில் பட்டியைப் பிரித்து, கீழே உள்ள நடுத்தையலையும் நாலைந்து இன்ச் பிரிக்க வேண்டும். மிச்சத்தை மேலே அகலமாகவும் கீழே ஒன்றுமில்லாமலும் வரும்படி சாய்வாகப் பிடிக்க வேண்டும். பட்டியையும் அதே சாய்வில் வெட்டி இணைத்தால், நேர்ப்பட்டி அந்த ஒரு இடத்தில் வளைவுப் பட்டி ஆகிவிடும். வளையத்தைத் திரும்பத் தைத்தால் இணைப்பு மறைந்துவிடும்.

ஒன்றரைக்கு மேல் பிடித்தால் பின் பொக்கெட்டுகள் இரண்டும் ஒன்றை ஒன்று நெருங்கி, பின்பக்கம் ஒடுங்கின மாதிரி விகாரமாகத் தெரியும். அப்படி வருகிறவர்களிடம் காசு வாங்காமல் பெல்ட் ஒன்று வாங்கிக் கட்டச் சொல்லி அனுப்பிவிடுவேன்.